கஜலில் ரதீஃப்: எழுதத் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கஜல் எழுதிப் பார்க்க விரும்பும் இளங்கவிஞர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றியே வருகின்றன. கண்ணிதோறும் கடைசியில் திரும்பி வரும் அந்தச் சொல் எதற்கு, அதை வைத்துக் காதலையும் பிரிவையும் எப்படிச் சொல்வது என்பதே அந்த இடம். அதைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எளிதிலிருந்து கடினம் என்ற வரிசையில் தொகுத்திருக்கிறேன். கஜலின் முழு வரலாற்றையோ பாடகர்களையோ இதில் தேட வேண்டாம்.

கஜல் என்பது பாட்டா, கவிதையா?

கவிதைதான். அரபியில் முளைத்து, பாரசீகத்தில் வடிவம் பெற்று, உருதுவில் மீர், காலிப் போன்றவர்களின் கையில் உச்சம் தொட்ட ஒரு யாப்பு வடிவம் அது. மேடையில் இசையோடு பாடப்படுவதால் அதை ஓர் இசை வகை என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். இசையமைத்தவர் வருவதற்கு முன்பே அது தாளில் முழுமையாக இருக்கிறது.

அமைப்பு எளிது. ஈரடிக் கண்ணிகள் பல சேர்ந்தால் ஒரு கஜல். ஒரு கண்ணிக்கு உருதுவில் ஷேர் என்று பெயர். எல்லாக் கண்ணிகளும் ஒரே சந்தத்தில் இருக்க வேண்டும். குறைந்தது ஐந்து கண்ணிகள் இருப்பது வழக்கம்.

ரதீஃப், காஃபியா என்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா?

இரண்டும் வேறு. அடியின் கடைசியில் எழுத்து மாறாமல் அப்படியே திரும்பி வரும் சொல் அல்லது சொற்றொடர் ரதீஃப். அதற்கு நேர் முன்னால் நின்று, ஓசையால் மட்டும் ஒத்து, சொல்லால் மாறிக்கொண்டே வருவது காஃபியா. காலிப்பின் புகழ்பெற்ற கஜல் ஒன்றின் முதல் கண்ணியைப் பாருங்கள்:

கோயீ உம்மீத் பர் நஹீன் ஆத்தீ
கோயீ ஸூரத் நஜர் நஹீன் ஆத்தீ

இதில் 'நஹீன் ஆத்தீ' ரதீஃப். 'வருவதில்லை' என்பது அதன் பொருள். பர், நஜர் என்பவை காஃபியா. எந்த நம்பிக்கையும் கைகூடி வருவதில்லை, எந்த வழியும் கண்ணுக்குத் தட்டுப்பட்டு வருவதில்லை என்பது கண்ணியின் கருத்து.

முதல் கண்ணியில் மட்டும் இரண்டு அடிகளும் காஃபியா, ரதீஃப் இரண்டையும் கொண்டு முடியும். அதற்கு மத்லா என்று பெயர். பாடலின் சட்டம் எது என்பதைக் கேட்பவர் காதில் அது பதித்துவிடுகிறது. இரண்டாம் கண்ணியிலிருந்து முதலடி தன் போக்கில் முடியலாம். இரண்டாமடி மட்டும் சட்டத்துக்குக் கட்டுப்படும்.

ஒரே சொல்லையே பத்து முறை சொன்னால் படிப்பவருக்குச் சலிக்காதா?

சொல் ஒன்றாகவே இருந்து பொருளும் ஒன்றாகவே இருந்தால் நிச்சயம் சலிக்கும். நல்ல கஜலில் ரதீஃபின் எழுத்து மாறுவதில்லை, அது செய்யும் வேலை மாறுகிறது. மேலே சொன்ன காலிப்பின் கஜலையே தொடர்ந்து பார்ப்போம். அந்த ரதீஃப் தமிழுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. நாமும் தூக்கம் வருகிறது, சிரிப்பு வருகிறது, வெட்கம் வருகிறது, தகவல் வருகிறது என்றுதானே பேசுகிறோம்? அவர் இந்த 'வருதல்' ஒவ்வொன்றையும் எடுத்து, வருவதில்லை என்று முடிக்கிறார்.

மௌத் கா ஏக் தின் முஅய்யன் ஹை
நீந்த் க்யூன் ராத் பர் நஹீன் ஆத்தீ

சாவுக்கு ஒரு நாள் குறித்தாகிவிட்டது. பிறகு ஏன் இரவெல்லாம் தூக்கம் வருவதில்லை? இங்கே வராதது தூக்கம். நாள் குறித்த சாவுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை என்றால், தூக்கத்தைக் கெடுப்பது வேறு ஏதோ ஒன்று. அது என்ன என்று அவர் சொல்லவில்லை. அடுத்த கண்ணியில், முன்பெல்லாம் என் மனநிலையை நினைத்து எனக்கே சிரிப்பு வரும், இப்போது எதற்குமே வருவதில்லை என்கிறார். இங்கே வராதது சிரிப்பு. இன்னொரு கண்ணி:

ஹம் வஹான் ஹைன் ஜஹான் ஸே ஹம் கோ பீ
குச் ஹமாரீ கபர் நஹீன் ஆத்தீ

என்னைப் பற்றிய செய்தி எனக்கே வந்து சேராத ஓரிடத்தில் நான் இருக்கிறேன் என்பது இதன் பொருள். வராதது இப்போது செய்தி, அதுவும் தன்னைப் பற்றித் தனக்கு வர வேண்டிய செய்தி. நம்பிக்கை, தூக்கம், சிரிப்பு, தன்னினைவு என்று ஒரு மனிதனிடமிருந்து ஒவ்வொன்றாக விலகிப்போவதை அந்த ஒற்றைச் சொற்றொடர் கணக்கெடுத்துக்கொண்டே போகிறது. சலிப்பு வர இடமே இல்லை. அடுத்து எது வராமல் போகும் என்ற ஆவலோடுதான் நாம் அந்தச் சொல்லை எதிர்பார்க்கிறோம்.

பிரிவைச் சொல்ல எத்தனையோ வடிவங்கள் இருக்கும்போது கஜல் மட்டும் ஏன் இவ்வளவு பொருந்துகிறது?

பிரிவில் இருப்பவரின் மனம் கதை போல முன்னால் நகர்வதில்லை. எந்தப் பேச்சை எடுத்தாலும், எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. ரதீஃபும் அதையே செய்கிறது. கண்ணியின் முதலடி எங்கே வேண்டுமானாலும் கிளம்பிப் போகலாம். இரண்டாமடி முடிவதற்குள் அந்தச் சொல்லுக்குத் திரும்பியே ஆக வேண்டும். தப்பிக்க முடியாத அந்தத் திரும்புதலைப் படிப்பவர் விளக்கம் இல்லாமலே உணர்ந்துவிடுகிறார்.

முந்தைய பதிலில் பார்த்த கஜலில் காதலியின் பெயரோ உருவமோ பிரிந்த காரணமோ எங்கும் இல்லை என்பதையும் கவனியுங்கள். 'நீ போய்விட்டாய்' என்ற வாக்கியம்கூட அதில் கிடையாது. ஆனாலும் 'வருவதில்லை' என்ற சொல் திரும்பத் திரும்பக் கேட்கும்போது, வராமல் போன அந்த ஒருவர் ஒவ்வொரு கண்ணிக்கும் பின்னால் நிற்பது தெரிகிறது. பிரிவு என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே பிரிவை எழுத முடிவது ரதீஃபால்தான். தொடங்குபவர்கள் இதில் முதலில் கற்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் எந்தச் சொல்லை ரதீஃபாக எடுப்பது? 'அன்பே', 'கண்மணியே' என்று வைத்துக்கொள்ளலாமா?

வைக்கலாம், ஆனால் அது வேலை செய்யாது. விளிச்சொல் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறது. 'அன்பே' என்பதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் குறையாமல் நிற்கும். தாயுமானவரின் பராபரக்கண்ணியில் ஒவ்வொரு ஈரடியும் 'பராபரமே' என்று முடிவதைப் பார்த்துவிட்டு, இதுவும் கஜல்தானே என்று சிலர் கேட்பதுண்டு. அங்கே அந்த விளி, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இறைவன் முன் கொண்டுபோய் வைப்பதற்காக வருகிறது. அந்தப் பணியை அது அழகாகச் செய்கிறது. கஜலின் ரதீஃப் வாக்கியத்தின் உள்ளே நின்று, அதன் பொருளை முடித்துவைக்க வேண்டியது. விளிக்கு முன்னால் காஃபியா என்ற கட்டுப்பாடும் அங்கே கிடையாது.

ஆகவே வாக்கியத்தின் முடிவைத் தாங்கும் சொல்லைத் தேடுங்கள். தமிழிலும் உருதுவைப் போலவே வினை கடைசியில் வருவதால் இது நமக்கு வசதி. 'வருவதில்லை', 'இருந்திருக்கும்', 'போதும்', 'வேண்டியிருக்கிறது' போன்ற வினைகளும், 'வரை', 'பிறகு', 'போல', 'இன்றி' போன்ற இடைச்சொற்களும் நல்ல ரதீஃபுகள். இவற்றிலும் காதலுக்குப் பொருந்துபவை, உள்ளுக்குள் ஒரு குறையை வைத்திருப்பவை. காலிப்பின் மற்றொரு கஜல் 'ஹோதா' என்ற ரதீஃபில் அமைந்தது. நடக்காத ஒன்றைக் குறித்து 'நடந்திருக்கும்' என்று சொல்லும் வினை அது. 'காதலரைச் சேரும் விதி எனக்கு இல்லை. இன்னும் வாழ்ந்திருந்தாலும் இதே காத்திருப்புதான் இருந்திருக்கும்' என்பது அதன் மத்லாவின் கருத்து. அந்த வினையை எடுத்த மாத்திரத்திலேயே, கைக்கு வராத வாழ்க்கையைப் பற்றித்தான் பேச முடியும் என்றாகிவிடுகிறது.

'வரை' என்ற சொல்லும் அப்படிப்பட்டதுதான். அது வந்தால் ஒருவர் காத்திருக்கிறார் என்று பொருள். இனி வரும் பதில்களில் இந்த ரதீஃபை வைத்து ஒரு கஜலைப் படிப்படியாக அமைத்துக் காட்டுகிறேன். கண்ணிகள் விளக்கத்துக்காக நானே எழுதியவை.

ரதீஃப் கிடைத்துவிட்டது. உடனே எழுதத் தொடங்கலாமா, காஃபியாவைத் தேட வேண்டுமா?

காஃபியாவைத் தேடி ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். 'வரை' என்பதற்கு முன்னால் 'விடியும்' என்று வைத்தால், அதனோடு ஒலிக்கும் சொற்கள் எவை? முடியும், வடியும், படியும், மடியும், ஒடியும், இடியும், கடியும். ஏழெட்டுச் சொற்கள் கிடைத்துவிட்டன. ஒரு கஜலுக்கு இது போதுமானது. மூன்று சொற்களுக்கு மேல் கிடைக்காவிட்டால் அந்த ஓசையை விட்டுவிட்டு வேறு ஓசைக்குப் போங்கள். இல்லாவிட்டால் நான்காம் கண்ணியில் காஃபியாவுக்காகப் பொருளை வளைக்க நேரும்.

இங்கே தமிழில் எளிதாக நேரும் பிழை ஒன்று உண்டு. நம் விகுதிகள் தாமாகவே ஒத்து ஒலிப்பவை. 'வரும் வரை', 'போகும் வரை', 'சிரிக்கும் வரை' என்று எழுதினால் முடிவு ஒன்றாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் ஒத்திருப்பது 'உம்' என்ற விகுதி மட்டுமே. வா, போ, சிரி என்ற பகுதிகளுக்குள் ஓசை ஒற்றுமை எதுவும் இல்லை. உருதுவில் இந்தக் குறைக்கு ஈதா என்று பெயர். விடி, முடி, வடி, மடி என்பவற்றில் பகுதியிலேயே 'டி' ஒத்து வருகிறது. எதுகை கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடும். விகுதியை நீக்கிவிட்டு மீதியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் ஒத்து ஒலித்தால் அதுவே நல்ல காஃபியா.

மத்லாவை எப்படித் தொடங்குவது?

இரண்டு அடிகளிலும் காஃபியாவும் ரதீஃபும் வர வேண்டியிருப்பதால் மத்லாவில் சொல்லுக்கு இடம் குறைவு. எனவே எளிய காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது.

விளக்கை அணைக்காமல் வைத்திருந்தேன் இரவு விடியும் வரை
திரியைத் தூண்டி அமர்ந்திருந்தேன் எண்ணெய் முடியும் வரை

யாருக்காக விளக்கு எரிந்தது என்று சொல்லவில்லை. முதலடி இரவின் எல்லையைச் சொல்கிறது. இரண்டாமடி எண்ணெயின் எல்லையைச் சொல்கிறது. இரண்டில் எது முதலில் தீர்ந்தது என்ற கேள்வி படிப்பவர் மனத்தில் எழுந்தால் மத்லா தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.

மற்ற கண்ணிகளில் முதலடிக்கும் இரண்டாமடிக்கும் என்ன உறவு இருக்க வேண்டும்?

முதலடி ஒரு நிலையைச் சொல்லி நிறுத்த வேண்டும். இரண்டாமடி எதிர்பாராத வகையில் அதை முடிக்க வேண்டும். முஷாயிரா என்னும் கவியரங்கில் கவிஞர் முதலடியை இரண்டு முறை சொல்லி நிறுத்துவார். அந்த இடைவெளியில் அவையினர், எந்தக் காஃபியா வரப்போகிறது என்று மனத்துக்குள் ஊகிப்பார்கள். காஃபியா காதில் விழுந்ததும் ரதீஃபை அவையே சேர்ந்து சொல்லிவிடும். ஆக, கண்ணியின் உயிர் காஃபியா வந்து விழும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது.

தொடங்குபவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுகிறார்கள்:

சாகும் நாள்வரை உன்னை மறவேன் மனமே இதற்குச் சாட்சி
உன்னை நினைத்தே வாழ்ந்து கிடப்பேன் உயிரும் மடியும் வரை

இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் சொல்ல வேண்டியது முதலடியிலேயே தீர்ந்துவிட்டது. 'சாகும் நாள்வரை' என்று சொன்ன பிறகு 'உயிரும் மடியும் வரை' எதற்கு? ரதீஃப் இங்கே வெறும் எதிரொலி. 'வரை' என்ற சொல் முதலடியிலேயே தலைகாட்டியதும் அதன் பலத்தைக் குறைத்துவிட்டது.

இதே காஃபியாவை வைத்து வேறு வழியில் போகலாம். 'மடியும்' என்றதும் எல்லோரும் சாவையே எதிர்பார்ப்பார்கள். அந்தச் சொல்லுக்கு மடிப்பு விழுதல் என்ற பொருளும் இருக்கிறதே, துணி மடிவது போல, தாள் மடிவது போல.

ஒரே ஒரு கடிதம் நீ போட்டாய், அதுவும் நாலே வரி
விரித்து விரித்துப் படித்தேன் தாள் தானாய் மடியும் வரை

நாலு வரிக் கடிதத்தை எத்தனை முறை பிரித்திருந்தால் தாள் தானாகவே மடிப்புக்குப் போகும் அளவுக்குப் பழகியிருக்கும்? ஏக்கத்தின் அளவைத் தாளின் மடிப்பு சொல்லிவிடுகிறது. சாவை எதிர்பார்த்த காது ஒரு கடிதத்தைக் கேட்கிறது; கேட்ட பிறகும் 'மடியும்' என்ற சொல்லின் மற்றப் பொருள் பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. காலிப்பும் இப்படிச் செய்கிறார். சிரிப்பைப் பற்றிய கண்ணி 'அப் கிஸீ பாத் பர் நஹீன் ஆத்தீ' என்று முடிகிறது. அங்கே 'பர்' என்பதற்கு 'மேல்' என்று பொருள். 'மௌத் ஆத்தீ ஹை பர் நஹீன் ஆத்தீ' என்ற மற்றோர் அடியில் அதே ஓசைக்கு 'ஆனால்' என்று பொருள்: சாவு வருகிறது, ஆனால் வருவதில்லை. இரண்டு இடத்திலும் காதுக்கு ஒன்றேதான்.

ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே நிற்க வேண்டுமாமே, பிறகு காதல் கதையை எப்படிச் சொல்வது?

கஜல் கதை சொல்லாது. ஒரு கண்ணியை மட்டும் தனியே எடுத்து ஒருவருக்குச் சொன்னாலும் அது முழுமையாக நிற்க வேண்டும் என்பது மரபு. மேலே உள்ள கடிதக் கண்ணிக்கு அடுத்து இப்படி ஒன்று வரலாம்:

ஆற்றின் அக்கரையில் நீ நிற்கிறாய், ஓடம் எதுவும் இல்லை
இக்கரையில் நானும் நிற்பேன் வெள்ளம் வடியும் வரை

கடிதத்துக்கும் ஆற்றுக்கும் தொடர்பு இல்லை. முந்தையதில் காத்திருந்து களைத்தவர் பேசுகிறார். இதில் நம்பிக்கை உள்ளவர் பேசுகிறார். அடுத்ததில் பிடிவாதம் பேசலாம்:

நீ நடந்த தெருவை யாரும் பெருக்க விட மாட்டேன்
உன்கால் கிளப்பிய தூசி என்மேல் படியும் வரை

இந்த மூன்று மனநிலைகளையும் ஒரே ஆளின் மனமாகக் கட்டிவைப்பது 'வரை' என்ற சொல்தான். கதை வேண்டும் என்று நினைப்பவர்கள், முதல் கண்ணியில் சந்திப்பு, அடுத்ததில் நட்பு, அதற்கடுத்ததில் பிரிவு என்று வரிசைப்படுத்துகிறார்கள். அப்படிச் செய்தால் ரதீஃபுக்கு வேலை இல்லாமல் போகிறது. வரிசையே கவிதையைத் தாங்கிவிடுகிறது. கண்ணிகள் அனைத்தும் ஒரே கருத்தைத் தொடரும் கஜல்களும் உண்டு. அவற்றுக்கு முசல்சல் கஜல் என்று பெயர். கண்ணியைத் தனியாக நிறுத்தப் பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

கஜலில் வரும் 'நீ' யார்? ஆணா, பெண்ணா, கடவுளா?

தெரியாமல் இருப்பதே நல்லது. பாரசீக, உருதுக் கஜல்களில் காதலருக்கு உரிய சொற்கள் பெரும்பாலும் ஆண்பாலாகவோ பால் தெரியாதவையாகவோ வரும். படிப்பவர் அதை மனிதக் காதல் என்றும் கொள்ளலாம், இறைவனை நோக்கிய தவிப்பு என்றும் கொள்ளலாம். சூஃபி மரபில் ஊறிய வாசகருக்குப் பிரிவு என்பது மூலத்தைப் பிரிந்த உயிரின் நிலை.

தமிழில் 'நீ' என்பதற்குப் பால் வேறுபாடு இல்லை. 'அவன்', 'அவள்' என்று எழுதியவுடன் ஒரு கதவு மூடிவிடும். எனவே முடிந்தவரை முன்னிலையிலேயே எழுதுங்கள். சேலை, கொலுசு, மீசை போன்ற அடையாளங்களையும் தவிருங்கள். அகப்பாடலில் 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று தொல்காப்பியம் விதித்திருக்கும் மண்ணில் இது நமக்குப் புதிதும் அன்று.

கடைசிக் கண்ணியில் கவிஞர் தன் பெயரையே சொல்கிறாரே, அது எதற்கு?

அந்தக் கண்ணிக்கு மக்தா என்று பெயர். அதில் வரும் புனைபெயர் தகல்லுஸ். வெறும் கையெழுத்தாக அதை வைத்தால் கண்ணி வீணாகிவிடும். அதுவரை 'நான்' என்று பேசியவர் தன்னை விட்டு வெளியே வந்து, தன்னையே பெயர் சொல்லி அழைக்கும் இடம் அது. முன்பு பார்த்த காலிப்பின் கஜல் இப்படி முடிகிறது:

காபா கிஸ் மூஹ் ஸே ஜாவோகே காலிப்
ஷர்ம் தும் கோ மகர் நஹீன் ஆத்தீ

எந்த முகத்தோடு காபாவுக்குப் போவாய் காலிப், உனக்குத்தான் வெட்கமே வருவதில்லையே! தூக்கமும் சிரிப்பும் வராத வேதனையைச் சுமந்துவந்த ரதீஃப், கடைசியில் தன்னையே கடிந்துகொள்ளும் தொனிக்கு மாறிவிட்டது. நம் எடுத்துக்காட்டில் 'தனியன்' என்ற புனைபெயரை வைத்துக்கொண்டால் மக்தா இப்படி அமையலாம்:

தனியன் யாரென்று கேட்கிறாயே, உன்முற்றத்து மரத்தில் இருந்தவன்
பாடிக் கொண்டே இருந்தான் கிளை ஒடியும் வரை

பெயருக்கும் ஒரு பொருள் இருந்தால் அதையும் கண்ணிக்குள் வேலை வாங்க முடிகிறது.

சந்தத்தை எந்த அளவுக்குக் கடைப்பிடிக்க வேண்டும்?

உருதுவில் இது மிகக் கண்டிப்பானது. நெட்டசையும் குற்றசையும் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதை பஹர் என்ற சந்தம் வரையறுக்கிறது. எல்லா அடிகளும் அதே வரிசையில் நடக்க வேண்டும். தமிழில் முதன்முதலாக எழுதுபவர், அடிக்கு இத்தனை சீர் என்று முடிவு செய்துகொண்டு அதைக் கடைசிவரை காப்பாற்றினால் போதும். பிழைக்கு எடுத்துக்காட்டிய கண்ணியைத் தவிர, மேலே உள்ள என் கண்ணிகளில் 'நீ', 'தாள்' போன்ற சிறு சொற்களை அடுத்த சொல்லோடு சேர்த்து எண்ணி, அடிக்கு ஆறு சீர் என்ற கணக்கை மட்டுமே வைத்திருக்கிறேன். ரதீஃப் ஒவ்வொரு முறையும் ஒரே தொலைவில் வந்து விழுந்தால்தான் காது அதற்காகக் காத்திருக்கும். அடிகள் நீண்டும் குறுகியும் போனால் அந்த எதிர்பார்ப்பு கலைந்துவிடும்.

தமிழில் வரும் கஜல்கள் பலவற்றில் ரதீஃபே இல்லையே, அவையும் கஜல்தானா?

ரதீஃப் இல்லாமல் காஃபியாவோடு முடியும் கஜல்கள் உருதுவிலேயே உண்டு. அவற்றை கைர் முரத்தஃப் என்பார்கள். காஃபியாவையும் விட்டுவிட்டால் மரபின் கணக்கில் அது கஜல் ஆகாது. கவிக்கோ அப்துல் ரகுமான் 'மின்மினிகளால் ஒரு கடிதம்' தொகுப்பின் மூலம் கஜலைத் தமிழ் வாசகரிடம் கொண்டுசேர்த்தார். அதன் வழியே கஜலின் மனநிலை, அதாவது ஏக்கமும் முரணும் சுருக்கமும், இங்கே வேரூன்றியது. யாப்பின் பிடி அந்த அளவுக்கு வேரூன்றவில்லை. ஆங்கிலத்திலும் இந்த வாதம் நடந்தது. காஷ்மீரில் வளர்ந்து அமெரிக்காவில் எழுதிய ஆகா ஷாஹித் அலி, தளர்ந்த வடிவங்களை ஏற்காமல், ரதீஃபும் காஃபியாவும் இருந்தால்தான் கஜல் என்று அழுத்திச் சொன்னார்.

நான் அவர் பக்கம். கட்டுப்பாட்டைத் தளர்த்தி நல்ல கவிதை எழுத முடியும். ஆனால் நான்காம் பதிலில் சொன்ன அந்தத் திரும்புதல், கட்டுப்பாடு இல்லாத இடத்தில் நிகழ்வதில்லை. முதல் பத்துக் கஜல்களையாவது முழு விதிகளோடு எழுதிவிட்டு, பிறகு எதை விடலாம் என்று முடிவு செய்யுங்கள்.

எழுதி முடித்தேன். ரதீஃப் சரியாக அமைந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொரு கண்ணியிலும் ரதீஃபை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். வாக்கியம் ஊனமில்லாமல் நின்றால் ரதீஃப் அங்கே ஒட்டவைத்த சொல், கண்ணியைத் திருத்துங்கள். 'வெள்ளம் வடியும்' என்று நிறுத்தினால் பொருளே வேறாகிவிடுவதைப் பாருங்கள். அப்படி இருக்க வேண்டும்.

அடுத்து, முதலடியை மட்டும் ஒரு நண்பரிடம் சொல்லி, காஃபியாவை ஊகிக்கச் சொல்லுங்கள். அவர் உடனே சரியாகச் சொல்லிவிட்டால் முதலடி எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டது என்று பொருள். ஊகிக்க முடியாமல் இருந்து, கேட்டதும் 'ஆமாம், இதுதான் வர முடியும்' என்று அவர் ஒப்புக்கொண்டால் அந்தக் கண்ணியை வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட பிறகும் அவருக்கு அது பொருந்தாமல் தோன்றினால், காஃபியாவுக்காகப் பொருளை இழுத்திருக்கிறீர்கள்.

கடைசியாக, கண்ணிகளின் இரண்டாமடிகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ரதீஃப் ஒவ்வோர் அடியிலும் எந்த உணர்வைச் சுமக்கிறது என்று ஓரத்தில் ஒற்றைச் சொல்லில் குறியுங்கள். நம் எடுத்துக்காட்டில் களைப்பு, நம்பிக்கை, பிடிவாதம், முறிவு என்று வரும். ஐந்து கண்ணிகளிலும் 'சோகம்', 'சோகம்' என்றே குறிக்க நேர்ந்தால், இரண்டு கண்ணிகளை எடுத்துவிட்டு, காஃபியாப் பட்டியலில் மீதமிருக்கும் சொற்களிடம் திரும்பிச் செல்லுங்கள். 'இடியும் வரை' இன்னும் பயன்படாமல் இருக்கிறது.